64 படங்களில் எந்த மூன்று?

"நான் ஒரு தனியார் மருத்துவமனையின் பாதச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சர்க்கரை நோயாளிகளின் அடிப்பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு ஆற்றும் முறையை எங்கள் சர்ஜன் தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டுகளில் 64 பேருக்குப் புண் ஆறியிருக்கிறது. எல்லோருடைய முன்-பின் படங்களும் என்னிடம் உள்ளன. அடுத்த மாதம் நிர்வாகத்திடம் பேச 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மாவுக்கட்டுக்குத் தனி அறையும், பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனும் கேட்கப்போகிறேன். 64 பேரையும் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைக்கிறேன். தோழி ஒருத்தி மூன்று போதும் என்கிறாள். மூன்றை மட்டும் காட்டினால் நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன் என்று சொல்ல மாட்டார்களா? கட்டுக்குள்ளேயே ஒருவருக்குப் புண் கறுத்துப்போனது. அதைச் சொல்லாமல் விடலாமா? காலைக் காப்பாற்றிய அந்த அம்மாவின் கதையை முதலில் வைக்கலாமா? பட்டியலை இணைத்துள்ளேன்."

— பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

வணக்கம் சிஸ்டர். பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். உங்கள் தோழி சொன்னதுதான் சரி. ஆனால் எந்த மூன்று என்பதில்தான் வேலை இருக்கிறது. (கீழே வரும் நோயாளிகளின் வயது, தொழில், சில அளவுகளை மாற்றி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு யார் யார் என்று தெரியும்.)

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அந்த 20 நிமிடத்தில் அவர்கள் எந்த ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்? "எங்கள் பிரிவு நன்றாக வேலை செய்கிறது" என்பதா? அப்படியென்றால் 64 படமும் காட்டலாம். எல்லோரும் கைதட்டுவார்கள், அறை கிடைக்காது. உங்களுக்கு வேண்டிய வாக்கியம் வேறு: "காலுக்கு ரத்த ஓட்டம் இருந்து, உணர்ச்சி மட்டும் மரத்துப்போனவரின் அடிப்பாதப் புண்ணை, அதன் மேல் விழும் எடையை எடுத்தாலே ஆற்றிவிடலாம்." இது நிரூபணமானால் அறையும் ஆளும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. எடையை எடுக்கும் வழி மாவுக்கட்டு, அதைச் சரியாகப் போட இடமும் கைப்பழக்கமும் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்துக்கு நம் ஊரிலேயே பழைய வேர் உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த சர்ஜன் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பதால்தான் என்று காட்டினார். அவர்களுடைய கால் புண்ணுக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். சர்க்கரை நோயில் மரத்துப்போகும் காலுக்கும் அதே கணக்குதான்.

பட்டியலைச் சலிப்பது

இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் 64 பேரைப் பார்த்தேன். 11 பேருக்கு விரலோ எலும்பின் ஒரு பகுதியோ எடுக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் ஆறியதற்கு அறுவைச் சிகிச்சையும் காரணம். 9 பேருக்கு ரத்தக் குழாய் அடைப்பை நீக்கியிருக்கிறார்கள். 14 பேருக்கு மாவுக்கட்டு போட்ட அதே வாரத்தில் களிம்போ புதுவகை ட்ரெஸ்ஸிங்கோ தொடங்கியிருக்கிறது. எது ஆற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. 12 பேருக்குப் புண் பாதத்தின் மேல்புறத்திலோ கணுக்காலிலோ இருந்தது. நடக்கும்போது எடை விழும் இடமே அது இல்லை.

மீதி 18 பேர். இவர்களில் வாரம்தோறும் புண்ணின் நீளம், அகலம் விடாமல் எழுதியிருப்பது 7 பேருக்கு மட்டும். மூன்றும் இந்த ஏழிலிருந்துதான் வர வேண்டும்.

மற்ற 57 பேரும் வீண் என்று நினைக்காதீர்கள். அவர்கள் குணமானது உண்மை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்கள் சாட்சி ஆக மாட்டார்கள். அவர்களையும் சேர்த்துக் காட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? எதிரில் உட்கார்ந்திருக்கும் பொது மருத்துவர் பத்தாவது படத்திலேயே, "இவருக்கு ஆஞ்சியோ செய்தது நான்தானே ஏற்பாடு பண்ணினேன்?" என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. அதன் பிறகு மற்ற 63 படங்களையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கூட்டத்தில் பலவீனமான ஓர் உதாரணம் பக்கத்தில் இருக்கும் பலமான உதாரணத்தையும் இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

காலைக் காப்பாற்றிய அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க நாள் குறித்த பிறகு கால் தப்பியது பெரிய விஷயம். ஆனால் உங்கள் பட்டியலின்படியே அவருக்கு அடைப்பு நீக்கியிருக்கிறார்கள், மூன்று வாரம் நரம்பு வழி ஆன்டிபயாடிக் போயிருக்கிறது, சீழ் திறந்துவிட்டிருக்கிறார்கள். மாவுக்கட்டு வந்தது கடைசியில். கேட்பவர்கள் உருகுவார்கள், ஆனால் உருகியபின் "இதற்கு ஆஞ்சியோ வசதியை அதிகப்படுத்தலாமே" என்ற முடிவுக்குப் போனால் நீங்கள் தடுக்க முடியாது. அவரை விட்டுவிடுங்கள்.

மூன்று சந்தேகம், மூன்று ஆள்

ஏழு பேரில் மூவரை எப்படி எடுப்பது? நன்றாக ஆறியவர் யார், படம் அழகாக வந்தது யாருக்கு என்று பார்த்து எடுத்தால் மூன்றும் ஒரே கதையாகிவிடும். ஒன்றைக் காட்டினாலும் மூன்றைக் காட்டினாலும் பலன் ஒன்றே. நம்பாதவர் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். இந்த விஷயத்தில் கேள்விகள் மூன்றுதான்: மருந்து ஆற்றியிருக்கலாமே? சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் ஆறியிருக்கலாமே? நாளாக ஆகத் தானாகவே ஆறியிருக்குமே? ஒவ்வொரு கேள்வியின் வாயை அடைக்கவும் ஓர் ஆள்.

மருந்துக் கேள்விக்கு அந்தச் சமையல்காரர். நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவர், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் ஐந்து மாதமாகப் புண். உப்புநீர்த் துணிக்கட்டு மட்டும்தான் போட்டுவந்திருக்கிறீர்கள். மாவுக்கட்டுக்கு முந்தைய நான்கு வாரம் புண்ணின் பரப்பு 6.2, 5.8, 6.0, 6.1 சதுர சென்டிமீட்டர். அதாவது அசையவே இல்லை. மாவுக்கட்டுக்குள்ளும் அதே உப்புநீர்த் துணிதான். அடுத்த நான்கு வாரம் 4.4, 3.1, 2.2, 1.3. ஏழாவது வாரம் மூடிவிட்டது. இந்த ஆளின் பலம் அவர் ஆறியதில் இல்லை, ஆறுவதற்கு முன்னால் ஆறாமல் கிடந்த அந்த நான்கு அளவுகளில் இருக்கிறது. எல்லோரும் "பின்" படத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் அந்தத் தட்டையான நான்கு வாரத்தைப் பெரிதாகப் போடுங்கள். பொதுவாக நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்தால் அந்தப் புண் 12 வாரத்துக்குள் மூடும் வாய்ப்பு அதிகம் என்பது உங்கள் டாக்டர்களுக்கும் தெரிந்த கணக்கு. இவர் நான்காவது வாரத்தில் கால் பங்குக்கு அருகில் வந்துவிட்டார்.

சர்க்கரைக் கேள்விக்கு அந்தச் சித்தாள் அம்மா. இவரை நீங்கள் பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். சர்க்கரை கட்டுப்படவில்லை என்பதால் "நல்ல கேஸ் இல்லை" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எனக்கு அவர்தான் மூவரிலும் பலமானவர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை தொடக்கத்தில் 10.4, புண் மூடியபோது 10.1. சர்க்கரை கிட்டத்தட்ட அப்படியே இருந்தும் புண் ஒன்பது வாரத்தில் மூடியிருக்கிறது. ஆறவே ஆறாது என்று எல்லோரும் நினைக்கும் ஒருவருக்கு ஆறியது என்றால், அது சுலபமான பத்துப் பேரை விடக் கனம். ஆனால் இதை வைத்து "சர்க்கரை முக்கியமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தவறு. பொது மருத்துவரையும் வீணாகச் சீண்டும். "சர்க்கரை குறையும்வரை கட்டுப் போடக் காத்திருக்க வேண்டியதில்லை" என்று சொன்னால் போதும்.

தானாக ஆறியிருக்கும் என்பவருக்கு அந்த பஸ் கண்டக்டர். 4.5 சதுர சென்டிமீட்டர் புண், மாவுக்கட்டில் மூன்று வாரத்தில் 2.0 ஆனது. மகள் கல்யாணத்துக்காகக் கட்டை எடுத்துவிடச் சொல்லி, 16 நாள் சாதாரணச் செருப்பில் நடந்தார். திரும்பி வந்தபோது 3.8. மறுபடி கட்டு, எட்டு வாரத்தில் மூடியது. போட்டால் குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது, திரும்பப் போட்டால் திரும்பக் குறைகிறது. தானாக ஆறும் புண் இப்படி ஏறி இறங்காது. நீங்கள் இவரை "ஒத்துழைக்கவில்லை" என்று ஒதுக்கிவைத்திருந்தீர்கள். அவருடைய அந்த 16 நாள்தான் உங்களுக்குக் கிடைத்த பரிசோதனை.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பாடு முறை தவறிச் சர்க்கரை ஏறியதால் புண் பெரிதாகியிருக்கலாம் என்று யாராவது கேட்பார்கள். அவர் திரும்பி வந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை முந்தைய அளவுகளை ஒட்டியே இருக்கிறது, அதைப் படத்துக்குக் கீழே சின்னதாக எழுதிவிடுங்கள். அதற்கும் மேலே கேட்டால் சித்தாள் அம்மாவைக் காட்டலாம். ஒருவரின் ஓட்டையை இன்னொருவர் அடைக்க வேண்டும், மூன்று பேர் வைப்பதன் லாபம் அதுதான். நான்காவது ஆளைச் சேர்த்தால் அவர் அடைக்க எந்த ஓட்டையும் மீதி இல்லை. நேரம்தான் போகும்.

பொறுக்கி எடுத்தேன் என்று சொன்னால்

சொல்லட்டும், பொறுக்கித்தான் எடுத்திருக்கிறீர்கள். மறைத்துப் பொறுக்கினால்தான் குற்றம். எந்த விதியின்படி எடுத்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதுங்கள்: அடிப்பாதப் புண், ரத்த ஓட்டம் சரி, வேறு சிகிச்சை மாறவில்லை, வாராந்தர அளவு முழுமை, இப்படி 7 பேர், அவர்களில் மூவர், மற்ற நால்வரின் அளவுகளும் கோப்பில் உள்ளன.

ஆனால் உங்கள் பட்டியலில் நான் தேடிக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஆறிய 64 பேர் சரி, மொத்தம் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டீர்கள்? ஆறாதவர், பாதியில் வராமல் நின்றவர் எங்கே? 64 என்பது 70இல் 64ஆ, 150இல் 64ஆ என்பது தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். மாவுக்கட்டு நோட்டிலிருந்து எல்லாப் பெயரையும் எண்ணி, 12 வாரத்தில் ஆறியவர், ஆறாதவர், வராமல் போனவர் என்று மூன்றே எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். எண் சுமாராக இருந்தாலும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்று ஆளை வைத்து "நூற்றுக்கு இத்தனை பேருக்கு ஆறும்" என்று சொல்ல முடியாது. 64 ஆளை வைத்தும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிட எதிர் அணி இல்லை. அந்த வேலையை வெளியே நடந்த ஆய்வு செய்துவிட்டது. 2001இல் வெளியான ஆம்ஸ்ட்ராங் குழுவின் ஆய்வில் 12 வாரத்தில் மாவுக்கட்டு போட்டவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் போட்டவர்களில் 65, முன்பாதத்தை மட்டும் தூக்கிவைக்கும் அரைச் செருப்பில் 58. அதே குழு 2003இல் பார்த்தபோது, கழற்றக்கூடிய பூட்ஸை நோயாளிகள் தாங்கள் நடக்கும் அடிகளில் 28 விழுக்காட்டுக்குத்தான் போட்டிருந்தார்கள். டெக்னீஷியன் எதற்கு, நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டால் இந்த 28தான் பதில். எண்ணுக்கு ஆய்வு, நம் ஊர்க் காலிலும் அதே நடக்கிறது என்பதற்கு உங்கள் மூன்று ஆள்.

கறுத்துப்போனவர்

மறைக்காதீர்கள். அந்த அறையில் ஒருவருக்காவது அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர் வாயால் வந்தால் உங்கள் கதை முடிந்தது, உங்கள் வாயால் வந்தால் அது உங்கள் வாக்கியத்தின் எல்லை.

குறிப்பைப் படித்தேன். கட்டுப் போடும் முன் "நாடி லேசாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறது. கணுக்கால் ரத்த அழுத்தமும் கால்விரல் ரத்த அழுத்தமும் பார்க்கவில்லை. சர்க்கரை நோயில் ரத்தக் குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டியாகிவிடுவதால் கணுக்கால் அளவு பொய்யாக நன்றாகத் தெரியும் என்பதால்தான் விரல் அழுத்தமும் பார்க்கிறோம். ரத்தம் வராத காலில் கட்டுப் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆறாத தொற்றுள்ள காலுக்கும் இதேதான். ஆக உங்கள் வாக்கியத்தில் "ரத்த ஓட்டம் இருந்து" என்ற சொற்கள் ஏன் இருக்கின்றன என்பதை இவர்தான் விளக்குகிறார். மூன்று ஆளுக்கும் பிறகு, படம் இல்லாமல், இரண்டு நிமிடம் பேசுங்கள். பேசிவிட்டு, "இனி கட்டுப் போடும் முன் ஒவ்வொரு காலின் ரத்த ஓட்டத்தையும் டாப்ளர் கருவியில் பார்ப்போம், அதற்கு ஒரு கைக்கருவியும் கால்விரல் அழுத்தம் பார்க்கும் பட்டையும் வேண்டும்" என்று கேளுங்கள். அறையோடு இதுவும் பட்டியலில் சேரட்டும்.

படமும் சம்மதமும்

ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே பக்கம். இரண்டு படம், நடுவில் வாராந்தரப் பரப்பைக் காட்டும் ஒரு கோடு, கட்டுப் போட்ட நாளில் ஓர் அம்புக்குறி. போதும். உங்கள் படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது: சில "முன்" படங்கள் ஓரத்துக் காய்ப்பைச் சீவும் முன் எடுத்தவை. காய்ப்பு மூடியிருக்கும்போது புண் சின்னதாகத் தெரியும், சீவினால் நிஜ அளவு வெளியே வரும். எல்லா அளவும் சீவிய பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். சமையல்காரருக்கும் கண்டக்டருக்கும் அப்படித்தான் இருக்கிறது. சித்தாள் அம்மாவுக்கு முதல் படம் மட்டும் சீவும் முன் எடுத்தது, இரண்டாவது வாரப் படத்தை வையுங்கள்.

சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் படம் காட்டுவதற்குச் செல்லாது. தமிழில், தனித் தாளில், "மருத்துவமனைக்குள் நடக்கும் கூட்டத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் சிகிச்சை மாறாது என்பதும் அதில் இருக்கட்டும். முகம் இல்லையே, கால்தானே என்று விடாதீர்கள். காலிலேயே மெட்டி இருக்கிறது, பச்சை குத்திய பெயர் இருக்கிறது, அளவுகோலில் ஓ.பி. நம்பர் ஒட்டியிருக்கிறது. சின்ன ஊரில் "கண்டக்டர், மகள் கல்யாணம்" என்றாலே ஆளைத் தெரிந்துவிடும். "நின்றே வேலை செய்பவர், குடும்ப விசேஷம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டம் நன்றாகப் போனால் அடுத்த வாரமே விளம்பரப் பிரிவு அதே படத்தை ஃப்ளெக்ஸில் போடக் கேட்கும். அந்தச் சம்மதத் தாளைக் காட்டி முடியாது என்று சொல்லுங்கள்.

வரிசையில் சித்தாள் அம்மா முதலில் வரட்டும், பொது மருத்துவர் மனதில் ஓடும் கேள்வி அதுதான். அடுத்து சமையல்காரர், கடைசியில் கண்டக்டர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் ஒன்பது நிமிடம். புண் மறுபடி வராதா என்று நிச்சயம் கேட்பார்கள். ஓராண்டுக்குள் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்குத் திரும்ப வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லி, புண் மூடியதும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கையோடு சொல்லிவிடுங்கள்.

கண்டக்டர் சம்மதம் தராமல் போகலாம். அப்படியென்றால் பட்டியலில் 31ஆம் எண்ணில் இருப்பவரை எடுங்கள், அவரும் நடுவில் கட்டைக் கழற்றியவர்தான். ஆனால் கழற்றியிருந்த நாட்களில் அவர் வரவே இல்லை என்பதால் அந்த இரண்டு வார அளவு கிடையாது. அதனால் அவர் அந்த ஏழு பேரில் இல்லை, இதை முதல் பக்கத்து விதியிலேயே சொல்லிவிடுங்கள். கோட்டை இணைத்து வரையாமல் அந்த இடத்தை இடைவெளியாகவே விட்டுவிடுங்கள்.